சூப்பருக்கு மூன்று மதிப்பெண்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை வார்த்தையக்கா என்றுதான் கூப்பிட்டோம். மேலாளர் மட்டும் மேடம் என்பார். ஒரு நாளிதழில் பத்தொன்பது வருடம் வாசகர் கடிதப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். நாளிதழை மூடிவிட்டார்கள். அதற்கடுத்த மாதமே எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தார். மரச்சாமான் கடைக்கு மேலே ஐந்தாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் வார்னிஷ் வாசம் வரும். அதனால் திறக்கவே மாட்டோம். எனக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் அதிகம் பேசமாட்டேன் என்பதால் முதல் வாரமே எனக்கு மௌனி என்று பெயர் வைத்துவிட்டார்.

ஊர் மக்கள் சமூக ஊடகங்களில் எழுதுவதைத் திரட்டி, அது பாராட்டா புகாரா என்று பிரித்து வரைபடமாகக் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். அப்போது எங்களுக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் நகரக் குடிநீர் வாரியம். ஒவ்வொரு பகுதிக்கும் அங்குள்ளவர்கள் நடத்தும் பொதுப் பக்கம் ஒன்று உண்டு. அதில் வரும் பதிவுகளை என் நிரல் தினமும் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பதிவையும் சொல் சொல்லாக வெட்டும். ஒவ்வொரு சொல்லையும் ஒரு பட்டியலில் தேடும். பட்டியலில் அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பெண் இருக்கும். நல்ல சொல்லுக்குக் கூட்டல், கெட்ட சொல்லுக்குக் கழித்தல், அதிகபட்சம் மூன்று. பட்டியலில் இல்லாத சொல்லுக்குப் பூஜ்யம். எல்லாவற்றையும் கூட்டி, மிச்சம் கூட்டலில் நின்றால் பதிவு பச்சை, கழித்தலில் நின்றால் சிவப்பு, பூஜ்யமானால் சாம்பல். அவ்வளவுதான். இதற்குள் மந்திரம் ஒன்றும் கிடையாது.

அந்தப் பட்டியலை உருவாக்கியவர் வார்த்தையக்கா. ஆறாயிரத்துச் சொச்சம் சொற்கள். அவர் அதைச் செய்த விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். 'மோசம்' கழித்தல் இரண்டு, 'நாறுது' கழித்தல் மூன்று, 'செம' கூட்டல் இரண்டு, 'சூப்பர்' கூட்டல் மூன்று என்று மளமளவென்று போட்டுக்கொண்டே வந்தவர் 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லில் இரண்டு நாள் நின்றுவிட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்லும் பரவாயில்லை வேறு, காலை மிதித்தவனிடம் சொல்லும் பரவாயில்லை வேறு, மாப்பிள்ளை எப்படி என்றால் சொல்லும் பரவாயில்லை வேறு என்றார். கடைசியில் பூஜ்யம் போட்டார். போட்ட பிறகும் அன்று முழுக்க முகம் தெளியவில்லை.

சொற்களின் வால்களை வெட்டுவது என் வேலை. 'நல்லாத்தானே', 'நல்லாவே', 'நல்லாயிருக்கு' எல்லாம் 'நல்லா' என்று வந்து நிற்க வேண்டும். 'நல்லா இல்ல' என்று வந்தால் பின்னால் வரும் 'இல்ல' முன்னால் உள்ளதைத் திருப்பிப் போட வேண்டும். இதையெல்லாம் ஓரளவு சரி செய்தோம். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களிடம்தான் திண்டாடிப் போனோம். 'தண்ணி' என்ற ஒரு சொல்லை மட்டும் பதினான்கு விதமாக எழுதியிருந்தார்கள். அக்கா பதினான்கையும் பட்டியலில் சேர்த்தார். மறுவாரம் பதினைந்தாவது வந்தது. பால் என்பதைச் சிலர் பி, ஏ, எல் என்று மூன்றே எழுத்தில் எழுதினார்கள். அது ஆங்கிலத்தில் தோழன். ஆங்கிலத்துக்கென்று வெளியிலிருந்து வாங்கிய பட்டியலில் அதற்குக் கூட்டல் இரண்டு இருந்தது. 'தண்ணி பால் மாதிரி நுரையா வருது' என்று ஒருவர் ஆங்கில எழுத்தில் புலம்பியபோது, மற்ற சொற்கள் எதையும் அடையாளம் தெரியாமல், தோழனுக்கு மட்டும் இரண்டு மதிப்பெண் கொடுத்துப் பச்சையில் தள்ளியது என் நிரல். அன்று அக்காவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஒரு பகுதியில் தொடர்ந்து மூன்று நாள் சிவப்பு நூற்றுக்கு நாற்பதைத் தாண்டினால் வாரியத்துக்கு எச்சரிக்கை போகும். அந்தப் பகுதிக்கு ஆட்கள் போய்த் தண்ணீரைச் சோதிப்பார்கள். எங்கள் வரைபடம் வந்தபிறகு வாரியம் தன் புகார் கவுண்டர்களை மூடிவிட்டது. தொலைபேசியில் புகார் சொல்லலாம். ஆனால் எந்தப் புகாரை முதலில் எடுப்பது என்பதையும் எங்கள் நிறம்தான் முடிவு செய்தது.

அக்காவுக்கு ஒரு தம்பி. எட்டு வயது இளையவர். வெல்டர். ஊரின் தாழ்வான பகுதியில், மழை பெய்தால் தெருவும் கால்வாயும் ஒன்றாகிவிடும் இடத்தில், மனைவியோடும் பள்ளிக்கூடம் போகிற மகளோடும் இருந்தார். நான் அவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் அக்காவுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க வந்திருந்தார். முதல் முறை என்னிடம், "நீங்கதான் மௌனியா? பேச்சு சத்தம் தாங்கலையேன்னு கீழயே நினைச்சேன்" என்றார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அவர் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

அது அந்தக் குடும்பத்து வழக்கமாம். அக்கா சொன்னார்: "எங்க வீட்டுல திட்டறதே புகழ்ந்துதான். அப்பா ஒரு நாளும் 'ஏன்டா லேட்டு'ன்னு கேட்டதில்ல. 'வாங்க ராஜா, அதுக்குள்ள வந்துட்டீங்களே'ம்பாரு. அந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டு நாள் சீக்கிரம் வருவோம்."

அவர்கள் பகுதியில் தண்ணீர் கெட ஆரம்பித்தது கோடைத் தொடக்கத்தில். முதலில் லேசான மஞ்சள், பிறகு ஒரு வாடை. வெல்டர் முறைப்படி தொலைபேசியில் புகார் சொன்னார். புகார் எண் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் ஐந்து எண் சேர்ந்தது. யாரும் வரவில்லை. அதன்பிறகுதான் அவர் பகுதிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

'வாரியத்துக்கு மனமார்ந்த நன்றி. இன்னிக்கும் தண்ணி செம கலர். டீத்தூள் மிச்சம்.' இது முதல் பதிவு. இரண்டு நாள் கழித்து இன்னொன்று: 'குழாயத் திறந்தா தெருவே மணக்குது. இந்த வாசனை எங்களுக்கு மட்டும்தானா? மத்த ஏரியாவுக்கும் குடுத்து உதவுங்க. வாழ்த்துகள்.' பக்கத்துக்காரர்களுக்கு ருசி கண்டுவிட்டது. ஒருவர் எழுதினார்: 'சூப்பர் சர்வீஸ், குளிக்கப் போனா சேறு பூசி அனுப்புறாங்க, அழகு நிலையத்துக்குப் போற வேலை மிச்சம்.' இன்னொருவர் பாதி ஆங்கிலம் பாதி தமிழ் என்று எழுதி, கைதட்டும் படம் ஆறு வைத்தார். பகுதிப் பக்கம் ஒரு போட்டி மாதிரி ஆகிவிட்டது. யார் இன்னும் பணிவாக நன்றி சொல்வது என்று போட்டி.

அக்கா அவற்றைத் தினமும் எனக்கு வாசித்துக் காட்டுவார். தம்பி எழுதியதை வாசிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் உயரும். பத்து நாள் போனது. அதன்பிறகு ஒரு காலையில் அவர் சிரிக்காமல் என் மேஜைக்கு வந்து நின்றார். அந்தப் பகுதியின் வரைபடத்தைத் திறக்கச் சொன்னார்.

பச்சை. நகரத்தின் முப்பத்தொரு பகுதிகளில் பச்சையில் அதற்குத்தான் இரண்டாவது இடம்.

நான் வெல்டரின் பதிவை நிரலுக்குக் கொடுத்து, சொல் சொல்லாகக் காட்டினேன். 'மணக்குது' கூட்டல் இரண்டு. 'வாசனை' கூட்டல் ஒன்று. 'உதவுங்க' கூட்டல் ஒன்று. 'வாழ்த்துகள்' கூட்டல் இரண்டு. மொத்தம் கூட்டல் ஆறு. கைதட்டும் படத்துக்கும் தலா இரண்டு போட்டிருந்தோம். ஆறு படம், பன்னிரண்டு.

"எல்லாம் நான் போட்ட மார்க்குதான்" என்றார் அக்கா.

மதிப்பெண்ணை மாற்றினால் என்ன என்று அன்று முழுக்க முயன்று பார்த்தோம். 'சூப்பர்' என்பதைக் கழித்தலுக்குக் கொண்டுபோனால், உண்மையிலேயே குழாய் சரியாகி மகிழ்ந்து எழுதிய வேறு பகுதிக்காரர்கள் அத்தனை பேரும் சிவப்பானார்கள். பூஜ்யமாக்கினால் இரண்டு பக்கமும் சாம்பலானது. பட்டியலுக்குச் சொல் தெரியும், அவ்வளவுதான். எழுதினவன் யார், நேற்று என்ன நடந்தது, அவன் முகம் எப்படி இருந்தது, எதுவும் தெரியாது. அப்பா 'வாங்க ராஜா' என்றால் அக்காவுக்குப் புரிந்ததற்குக் காரணம் ராஜா என்ற சொல் அல்ல, இரவு மணி ஒன்பது ஆகியிருந்ததுதான். என் நிரலிடம் கடிகாரம் இல்லை.

அக்கா அதோடு விடவில்லை. பத்தொன்பது வருடம் கடிதம் படித்த பழக்கம். ஐந்நூறு பதிவுகளை எடுத்தார். தாழ்வான பகுதியிலிருந்து நூறு, மற்ற இடங்களிலிருந்து நானூறு. ஒவ்வொன்றையும் தானே படித்து, புகார், பாராட்டு, இரண்டுமில்லை என்று குறித்தார். ஒன்பது நாள் ஆனது. பிறகு நிரல் சொன்னதோடு ஒப்பிட்டோம். மொத்தத்தில் நிரல் நூற்றுக்கு எழுபத்தொன்று சரி. தாழ்வான பகுதியை மட்டும் பிரித்தால் முப்பத்துநான்கு. அங்குள்ள நூறில் எண்பத்தெட்டு புகார். நிரல் அதில் இருபத்தேழைத்தான் புகார் என்றது. நாற்பத்தொன்பதைப் பாராட்டு என்றது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இருவரும் மேலாளரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகப் படித்தார். பிறகு ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். எழுபது சதவீதம் துல்லியம் என்று எழுதியிருந்தது.

"எழுபத்தொண்ணு வந்திருக்கே மேடம். நல்லாத்தானே இருக்கு?"

"மொத்தமாப் பாத்தா வருது சார். அந்த ஏரியாவுல மூணுல ஒண்ணுதான் சரி."

"ஏரியாவாரியாத் துல்லியம் தர்றோம்னு நாம எங்கயும் சொல்லலையே."

பாராட்டுச் சொல்லும் தண்ணீர் தொடர்பான தொல்லைச் சொல்லும் ஒரே பதிவில் வந்தால் அதை ஒரு மனிதர் படிக்க ஒதுக்கி வைக்கலாம் என்று நான் சொன்னேன். எத்தனை வரும் என்று கேட்டார். நகரம் முழுக்க நாளொன்றுக்கு ஆயிரத்துநூறு. படிக்க யார் இருக்கிறார்கள் என்றார். அக்கா ஒருவர்தான். ஆனாலும் அக்கா கெஞ்சிக் கேட்டதால், மேலாளர் வாரியத்து அதிகாரியோடு நடக்கும் மாதக் கூட்டத்தில் பேச ஐந்து நிமிடம் வாங்கிக் கொடுத்தார்.

அதிகாரி நல்ல சட்டை போட்டு, களைத்த முகத்தோடு இருந்தார். அக்கா தம்பியின் பதிவை வாசித்தார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிண்டல் அவருக்குப் புரிந்தது. யாருக்குத்தான் புரியாது? பிறகு அவர் திரையைக் காட்டிச் சொன்னார்: "மேடம், சிவப்பா இருக்கற ஏழு ஏரியாவுக்கே என்கிட்ட ஆள் போதல. பச்சையா இருக்கற இடத்துக்கு நான் எப்படி ஆள் அனுப்பறது? நாளைக்கு மேல ஒருத்தர் கேட்டா என்ன சொல்லுவேன்? சிரிப்பு வந்துச்சுன்னா?"

அன்று மாலை அக்கா தம்பி வீட்டுக்குப் போனார். நடந்ததை மறுநாள்தான் என்னிடம் சொன்னார். இனிமேல் கிண்டல் வேண்டாம், நேராகத் திட்டி எழுது என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை.

"நேராச் சொல்லி அஞ்சு நம்பர் வாங்கி வெச்சிருக்கேன்க்கா. லாட்டரிக்குக்கூட ஒண்ணுதான் தருவான். இப்ப சனங்க சிரிக்கவாவது சிரிக்கறாங்க."

"மெஷினுக்குச் சிரிப்பு தெரியாதுடா."

"அப்ப அதுக்கு எதுக்கு வேலை குடுத்தீங்க?"

அதற்கு அக்கா என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆனால் தம்பி கடைசியில் ஒத்துக்கொண்டார். அக்காவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: 'தண்ணீர் மிக மோசம். நாற்றம். கெட்டுப்போன தண்ணீரால் நோய் பயம். வாரியம் தோல்வி.' ஒவ்வொரு சொல்லுக்கும் எத்தனை கழித்தல் என்று அவருக்கு மனப்பாடம். தம்பி அதைப் பக்கத்தில் போட்டார். வீடு வீடாகப் போய் அதையே போடச் சொல்லி முப்பத்தைந்து பேரைச் சம்மதிக்கவும் வைத்தார். அவர்களும் அப்படியே எடுத்து ஒட்டினார்கள். மூன்று நாள், தினமும் முப்பத்தாறு பதிவு. சிலர் அவரைக் கேலி செய்தார்களாம், என்ன அண்ணே உடம்பு சரியில்லையா, இப்படிச் சீரியஸா எழுதறீங்க என்று. உண்மையில் அப்போதே அவருக்கு உடம்பு சரியில்லை. சோறு இறங்கவில்லை. வெயில் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் காலை அக்கா வரைபடத்தைத் திறந்தார். பச்சை கொஞ்சம்கூட இறங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "மௌனி, முப்பத்தாறு பேர் எழுதினாங்களே, எங்க போச்சு?" என்று கேட்டார்.

எனக்குக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது. ஒரு வருடத்துக்கு முன்பு தண்ணீர் சுத்திகரிப்பான் விற்கும் ஒருவன் பொய்க் கணக்குகள் வைத்து ஒரே வாசகத்தை நூற்றுக்கணக்கில் கொட்டியபோது, நான் ஒரு வடிகட்டி எழுதினேன். ஒரே நாளில் ஒரே வாசகம் எத்தனை முறை வந்தாலும் ஒன்றாகத்தான் எண்ணும். மிச்சத்தைத் தள்ளிவிடும். முப்பத்தாறில் ஒன்று மட்டும் சிவப்பு. முப்பத்தைந்து போனது. பதினொரு வரி நிரல். அதற்காக மேலாளர் அப்போது என்னைப் பாராட்டியிருந்தார்.

வடிகட்டியை நிறுத்த மேலாளரின் அனுமதி வேண்டும். போய்க் கேட்டோம். அவர் முப்பத்தாறு பதிவுகளையும் பார்த்தார். எல்லாம் எழுத்துப் பிசகாமல் ஒரே மாதிரி இருக்கிறதே, இதை யார் எழுதிக் கொடுத்தது என்றார். அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். நான்தான் என்றார்.

மேலாளர் சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அளக்கிறவரே தராசில் கை வைக்கலாமா என்று கேட்டார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். அந்தப் பகுதியின் பதிவுகளை இனி அக்கா பார்க்கக் கூடாது என்று அனுமதியை எடுத்துவிட்டார். வடிகட்டி அப்படியே இருந்தது. நான் அதை யாருக்கும் சொல்லாமல் நிறுத்தியிருக்கலாம். அரை நிமிட வேலை. செய்யவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு நானே ஒரு நல்ல காரணம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான்.

அந்த வாரமே வெல்டரின் கண் மஞ்சளானது. மஞ்சள் காமாலை. தெருவில் இன்னும் பதினேழு பேருக்கு. மற்றவர்களெல்லாம் படுத்து எழுந்துவிட்டார்கள். இவருக்கு ஈரல் ஏற்கெனவே நலிந்திருந்தது என்று மருத்துவர் சொன்னார். இருபது வருடம் பெயின்ட் அடித்த இரும்பை அடைத்த கொட்டகைக்குள் வைத்துப் பற்றவைத்தவர். அந்தப் புகை. பதினொன்றாம் நாள் காலை, பத்து மணி வாக்கில், மருத்துவமனையில் போய்விட்டார். அக்கா அப்போது அலுவலகத்தில் இருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டு, திறந்திருந்த கோப்பைச் சேமித்து, கணினியை அணைத்து, நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு எழுந்தார். "தம்பி போயிட்டான்" என்றார். மின்தூக்கிக்குக் காத்திருக்காமல் படியிலேயே இறங்கினார். நானும் கூடவே இறங்கினேன்.

மருத்துவமனை சுகாதாரத் துறைக்கு எழுதியதால் மறுநாள் வாரியத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தோண்டியதில் கழிவுநீர்க் குழாய் ஒன்று வெடித்து, பக்கத்தில் போகும் குடிநீர்க் குழாயின் மூட்டு வழியே உள்ளே கசிந்துகொண்டிருந்தது. ஒன்றரை நாளில் சரி செய்துவிட்டார்கள்.

அவர் போன அந்த இரண்டு நாளும் பகுதிப் பக்கத்தில் எல்லோரும் அவரைப் பற்றியே எழுதினார்கள். இருநூற்றுப் பதினான்கு பதிவு. நான் அன்று வரைபடத்தைப் பார்க்காமலிருந்திருக்கலாம். பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்றுமூன்று பச்சை. நாங்கள் எண்ண ஆரம்பித்த நாளிலிருந்து எந்தப் பகுதியும் எட்டாத உயரம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 'அன்பான அண்ணன்.' 'தங்கமான மனுஷன், எப்பவும் சிரிச்ச முகம்.' 'நிம்மதியா தூங்குங்க.' 'நல்லவங்களுக்குத்தான் சீக்கிரம் அழைப்பு வருது.' நம் வாயில் செத்துப்போனார் என்று யார் சொல்கிறார்கள்? போயிட்டார், இல்லாமப் போயிட்டார், நம்மள விட்டுட்டார். போவதற்கும் விடுவதற்கும் பட்டியலில் மதிப்பெண் கிடையாது. அன்புக்கும் தங்கத்துக்கும் சிரிப்புக்கும் நிம்மதிக்கும் உண்டு. இங்கே யாரும் கிண்டல் செய்யவில்லை. எல்லோரும் மனதாரத்தான் எழுதியிருந்தார்கள். அப்போதும் நிரலுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா அங்கேதான் இருந்தார். முன்னறையில் ஒரு கட்டில், தையல் இயந்திரம், சுவரோரம் சாத்தி வைத்த வெல்டிங் முகமூடி. மகள் தரையில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். காய்ச்சியதுதான் என்று அவராகவே சொன்னார். குடித்தேன்.

டம்ளரை வாங்கிக்கொண்டு தம்பி மனைவி அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"அவரு எழுதினதெல்லாம் யாராச்சும் படிச்சாங்களா அண்ணி?"

"நான் படிச்சேன்."

"படிச்சு?"

அக்கா கையில் இருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சிரிச்சேன்" என்றார்.

தம்பி மனைவி தலையாட்டினார். கோபப்படவில்லை. அழவும் இல்லை. அந்தப் பதில் ஏற்கெனவே தெரிந்ததுபோல எழுந்து உள்ளே போனார். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. மகள் எழுதிய கணக்கில் ஒரு தப்பு இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாத அறிக்கை தயாரானபோது தாழ்வான பகுதிதான் நகரத்திலேயே முதலிடம். அக்கா மேலாளரிடம் ஒன்று மட்டும் கேட்டார். அந்த இரண்டு நாளை எடுத்துவிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்றார். மேலாளர் நிஜமாகவே சங்கடப்பட்டார். மேடம், ஒருத்தருக்காகத் தரவைத் தொட்டால் நாளைக்கு எல்லோருக்கும் தொட வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அறிக்கை போனது. வாரியத்தின் வருடாந்திரச் சிறு புத்தகத்தில் வரைபடத்தின் அந்தப் பச்சைப் பட்டை ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது. கீழே, 'மக்கள் மனநிறைவு' என்று எழுதியிருந்தது.

அக்கா உடனே வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. தம்பி மகளின் படிப்பு இப்போது அவர் தலையில். இன்னும் எட்டு மாதம் இருந்தார். மருத்துவமனைகள் பற்றிய பதிவுகளுக்கு ஒரு பட்டியல் வேண்டுமென்று மேலாளர் கேட்டதால் அதையும் அவர்தான் செய்து கொடுத்தார். முன்பெல்லாம் ஒரு சொல்லுக்கு மதிப்பெண் போடும்முன் அதை வாய்க்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்பார். இப்போது அப்படிச் செய்யவில்லை. அகராதியைத் திறந்து, மேலிருந்து கீழே, எண்ணைப் போட்டுக்கொண்டே போனார். ஒரு நாளைக்கு நானூறு சொல். மேலாளருக்கு வேகம் பிடித்துப்போனது. பேச்சும் குறைந்துவிட்டது. மற்றவர்கள் எங்கள் இரண்டு மேஜைக்கும் சேர்த்து மௌன மண்டபம் என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்துப் போனார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களைச் சுவரிலுள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லும் வேலை. தனித்தனி எழுத்து, அர்த்தம் கிடையாது, அது நன்றாக இருக்கிறது என்று ஒரு முறை தொலைபேசியில் சொன்னார்.

அவர் போன பிறகு நான் ஒரு முயற்சி செய்தேன். கிண்டலைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு நிரல். அளவுக்கு மீறிய நன்றி, தொல்லைச் சொல்லுக்குப் பக்கத்தில் வாழ்த்து, ஒரே படம் மூன்று முறைக்கு மேல், இப்படிச் சில அடையாளங்களை வைத்து எழுதினேன். அக்கா குறித்து வைத்த ஐந்நூறு பதிவுகளில் சோதித்தேன். கிண்டல்களில் மூன்றில் ஒன்றைப் பிடித்தது. கூடவே, ஆறு மாதத்துக்குப் பிறகு குழாயில் நல்ல தண்ணீர் வந்த சந்தோஷத்தில் ஒரு கிழவர் எழுதிய நீளமான நன்றிக் கடிதத்தையும், அதுபோன்ற உண்மையான நன்றிகள் பலவற்றையும் கிண்டல் என்று பிடித்தது. ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட பதிவுகளில் அநேகமாக எதையும் பிடிக்கவில்லை. மேலாளர் பார்த்துவிட்டு, இதை இணைத்தால் எழுபது சதவீதத்துக்குக் கீழே போய்விடும் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபத்தெட்டு. அவர் சொன்னது சரி. நிறுத்திவிட்டேன்.

வாரியம் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித்திருக்கிறது. போக்குவரத்துத் துறையும் மின்சாரத் துறையும் இப்போது எங்களிடம்தான். பட்டியலில் ஒன்பதாயிரம் சொல் ஆகிவிட்டது. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் அக்காவின் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, தெற்குப் பகுதியில் பேருந்துகளை எல்லோரும் இவ்வளவு புகழ்கிறார்களே, அங்கே அப்படி என்ன செய்தார்கள் என்று கேட்டார். பதிவுகளைப் படித்துப் பார்த்தீர்களா என்றேன். இல்லை, வரைபடம் மட்டும்தான் பார்த்தேன் என்றார்.

நான் அந்தப் பகுதியைத் திறந்தேன். முந்நூற்றுச் சொச்சம் பதிவு. மூன்றைப் படித்தேன். பிறகு மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன், இதில் பாதி கிண்டல், பேருந்து வருவதே இல்லை என்கிறார்கள் என்று. பதில் அரை மணி நேரத்தில் வந்தது. நன்றி, கவனத்தில் கொள்கிறோம்.